காலிப்பரின் பிழையை எங்கே தேடுவது?

டிஜிட்டல் காலிப்பரின் வாயை மூடினால் 0.00 காட்டுகிறது என்பதாலேயே அது சரி என்றாகிவிடாது. 150 மி.மீ. நீளத்தில் பிழை எங்கும் ஒளிந்திருக்கலாம். அதைக் காட்டித்தருபவை கேஜ் பிளாக்குகள்.

பிளாக்கையும் காலிப்பரையும் துடைத்து, ஒரே மேசையில் சில மணி நேரம் வைத்து வெப்பநிலையைச் சமப்படுத்த வேண்டும். கையில் நெடுநேரம் பிடித்த பிளாக் சூடாகி நீளும். வாயை மூடி, பூஜ்யமாக்கிவிட்டு அளக்கத் தொடங்கலாம்.

25, 50, 100 போன்ற முழு எண்கள் மட்டும் போதாது. காலிப்பருக்குள் இருக்கும் மின் அளவுகோலின் அமைப்பு சில மி.மீ.க்கு ஒருமுறை திரும்ப வருவது. முழு எண்களில் ஒரே இடத்தையே மீண்டும் மீண்டும் சோதித்ததாகிவிடலாம். 41.3, 131.4 மி.மீ. பிளாக்குகள் பயன்படுவது இதனால்தான்.

காட்டிய அளவிலிருந்து பிளாக்கின் அளவைக் கழித்தால் விலகல் கிடைக்கும். 41.30 பிளாக்கைத் தண்டுக்கு அருகில் பிடித்தபோது 41.31, தாடையின் நுனியில் 41.28 என்று வைத்துக்கொள்வோம். விலகல்கள் +0.01, −0.02. குறியையும் பிடித்த இடத்தையும் சேர்த்தே எழுத வேண்டும். நுனியில் குறைவது, அழுத்தும்போது நகரும் தாடை சாய்வதன் அடையாளம். பூஜ்யத்தை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது.