எந்த டம்ளர்? எந்த ஸ்பூன்?

சமையல் குறிப்பில் ஒரு வரி விட்டுப் போனால் பெரிதாக என்ன ஆகிவிடும்? மீன் குழம்பில் புளி தூக்கலாக இருக்கும். வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டே சாப்பிட்டு எழுந்துவிடுவார். அதிலும் எங்கள் காசிமேட்டில் அளவைப் பற்றி யாரும் அலட்டிக்கொள்வதில்லை. மீனைக் கூறு கட்டி விற்கிற ஊர் இது. ஒரு கூறு எத்தனை கிராம் என்று கேட்டுப் பாருங்கள், உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஆனால் கண்திட்டம் செல்லாத குறிப்பு ஒன்று உண்டு. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால் கலந்து கொடுக்கிறோமே, அந்த உப்பு சர்க்கரைக் கரைசலைச் சொல்கிறேன்.

மழைக்காலம் வந்தால் எங்கள் பக்கத்தில் வயிற்றுப்போக்கும் கூடவே வரும். அதனால் எங்கள் தெரு மகளிர் குழுவினர் ஒரு நோட்டீஸ் எழுதி, வீடு வீடாகக் கொடுக்க முடிவு செய்தார்கள். நல்ல எண்ணம்தான். ஜெராக்ஸ் எடுப்பதற்கு முன் எழுத்துப்பிழை பார்த்துத் தரும்படி என்னிடம் கொண்டுவந்தார்கள். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. கையெழுத்தும் முத்து முத்தாக இருந்தது. விஷயம்தான் இப்படி இருந்தது (பிழையைக் காட்டுவதற்காக எழுதுகிறேன், யாரும் இதன்படி செய்துவிடாதீர்கள்):

"ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைத் தண்ணீரில் கரைத்துக் குழந்தைக்கு அடிக்கடி கொடுக்கவும். பாக்கெட் இல்லாவிட்டால் 1 டம்ளர் தண்ணீரில் 1 ஸ்பூன் உப்பு, 6 ஸ்பூன் சர்க்கரை கலந்து கொடுக்கலாம். தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து ஆற வைக்கவும். வாந்தி எடுத்தால் நிறுத்தவும்."

படித்தால் எல்லாம் சரியாக இருப்பது போலத்தானே தோன்றுகிறது? அதுதான் ஆபத்து. நமக்கு ஏற்கனவே தெரிந்த விஷயமாக இருந்தால், சீட்டில் விட்டுப்போனதை நம் மனசே நிரப்பிக்கொண்டு படித்துவிடும். அதனால் நான் தெரியாதவள் போல ஒவ்வொரு சொல்லிலும் விரலை வைத்து, 'எவ்வளவு? எது? எப்போது?' என்று கேட்டுக்கொண்டே போனேன்.

முதல் வரியில் பாக்கெட் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, எவ்வளவு தண்ணீர் என்பது இல்லை. மருந்துக் கடையில் இரண்டு விதப் பாக்கெட் கிடைக்கிறது. பெரியது சுமார் 20 கிராம், 1 லிட்டர் தண்ணீருக்கு. சின்னது 4 கிராமுக்குச் சற்று மேல், 200 மில்லிக்கு. சீட்டைப் படித்த அம்மா பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டினால் அது ஐந்து மடங்கு கெட்டி. சின்னதை ஒரு லிட்டரில் கரைத்தால் ஐந்தில் ஒரு பங்கு சத்துதான், குழந்தை இழந்த உப்பு திரும்பாது. ஆகவே சீட்டில் 'பாக்கெட்டின் மேல் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அவ்வளவு. பெரிய பாக்கெட்டுக்கு 1 லிட்டர்' என்று இருக்க வேண்டும். பாதிப் பாக்கெட்டை மடித்து வைத்துவிட்டு நாளைக்குப் பாதி என்பதும் கூடாது. அதையும் எழுதத்தான் வேண்டும். மிச்சம் பிடிப்பது நம் பெண்களுக்குக் கூடப்பிறந்த குணமாயிற்றே!

இரண்டாவது வரியைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். சரியான வீட்டுக் கரைசலுக்கு 1 லிட்டர் தண்ணீருக்கு அரை டீஸ்பூன் உப்பு, 6 டீஸ்பூன் சர்க்கரை, எல்லாம் தலை தட்டி. அரை டீஸ்பூன் தூள் உப்பு ஏறக்குறைய 3 கிராம். சீட்டில் உள்ளபடி 200 மில்லி டம்ளரில் ஒரு டீஸ்பூன், அதாவது 6 கிராம் போட்டால் லிட்டருக்கு 30 கிராம் ஆகிறது. பத்து மடங்கு! கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. எங்கள் மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு குழந்தைக்குக் கொடுப்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. இரத்தத்தில் உப்பு மிஞ்சினால் அது மூளை வரை போகும், வலிப்புகூட வரலாம். சர்க்கரை மிஞ்சினாலும் கெடுதல்தான். அது குடலுக்குள் தண்ணீரை இழுத்து, போக்கை அதிகமாக்கும்.

இந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். பழைய குறிப்புகளில் லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் உப்பு, 8 டீஸ்பூன் சர்க்கரை என்று இருக்கும். 2002-ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டின் உப்பையும் குளுகோஸையும் குறைத்தன. இப்போது வீட்டுக் கரைசலுக்கும் அரையும் ஆறும்தான் சொல்கிறார்கள். எங்கள் சீட்டில் உப்பு பழைய கணக்கு, சர்க்கரை புதிய கணக்கு! இன்னொரு வழியிலும் வந்திருக்கலாம். '1/2' என்று எழுதியதை ஜெராக்ஸ் மேல் ஜெராக்ஸாக எடுத்தால் கோடும் இரண்டும் மங்கி '1' மட்டும் நிற்கும். அதனால் பின்ன எண்ணை நான் எண்ணால் எழுத விடுவதே இல்லை. 'அரை' என்று எழுத்தால் எழுதினால் மங்கினாலும் ஒன்றாகிவிடாது. 'லிட்டர்' எப்படி 'டம்ளர்' ஆயிற்று? லிட்டர் என்றால் பெண்களுக்குப் புரியாது என்று யாரோ இரக்கப்பட்டு மாற்றியிருக்கிறார்கள் போலும்.

டம்ளர் அளவே அல்ல. என் வீட்டிலேயே 150 மில்லி காப்பி டம்ளரும் இருக்கிறது, 300 மில்லி எவர்சில்வர் டம்ளரும் இருக்கிறது. கடையில் வாங்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இன்று எல்லார் வீட்டிலும் கிடக்கிறது. அதைச் சொல்லிவிட்டால் குழப்பமில்லை. ஸ்பூனும் அப்படித்தான். 5 மில்லி பிடிக்கிற டீஸ்பூன் வேறு, சாப்பாட்டு ஸ்பூன் வேறு. அதே டீஸ்பூனில் குவித்து எடுத்தால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வரும். எங்கள் பக்கம் கல் உப்புதான் அதிகம். ஒரு ஸ்பூன் கல் உப்பில் இடைவெளி இருப்பதால் தூள் உப்பை விட எடை குறையும். ஆகவே 'தூள் உப்பு' என்றே எழுத வேண்டும்.

'சர்க்கரை' என்ற சொல் இருக்கிறதே, அதிலும் ஒரு வில்லங்கம். சென்னைக்காரர்களுக்குச் சர்க்கரை என்றால் வெள்ளைச் சர்க்கரை. திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் அதைச் சீனி என்பார்கள். வெறும் சர்க்கரை என்றால் அவர்களில் பலருக்கு நாட்டுச் சர்க்கரை. 'சர்க்கரை (சீனி)' என்று போட்டுவிட்டால் தீர்ந்தது.

மூன்றாவது வரியில் விஷயம் சரி, இடம் தப்பு. எல்லாவற்றையும் கலக்கச் சொல்லிவிட்டுப் பிறகு கொதிக்க வைக்கச் சொன்னால், கலந்ததைத்தானே அடுப்பில் ஏற்றுவார்கள்? கரைசல் கொதித்தால் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. கொதிக்க வைப்பது, ஆற வைப்பது, அளப்பது, கலப்பது என்று கை செய்கிற வரிசையிலேயே எழுத்தும் போக வேண்டும்.

கடைசி வரியில் பாதியைக் காணோம். 'வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் நிறுத்தி, மறுபடியும் இரண்டு மூன்று நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூனாக மெதுவாகக் கொடுக்கவும்' என்பதுதான் முழு வாக்கியம். பின்பாதி போனதும் அர்த்தமே தலைகீழாகிவிட்டது. வாந்தி எடுக்கிற குழந்தைக்குத்தானே தண்ணீர் இன்னும் அதிகம் வேண்டும்? அந்தக் குழந்தைக்கு நிறுத்தச் சொல்லுகிறது சீட்டு.

அளவுச் சொற்களோடு நம்மை விட அதிகமாக மல்லாடியவர்கள் வங்கதேசத்தில் இருக்கிறார்கள். 1980-லிருந்து 1990 வரை 'பிராக்' என்ற நிறுவனத்தின் பெண் ஊழியர்கள் சுமார் 1 கோடியே 20 லட்சம் வீடுகளுக்குப் போய், உப்பும் வெல்லமும் கரைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர், இதுதான் பாடம். சிட்டிகை என்றால் ஆளுக்கு ஒரு சிட்டிகைதானே? அதனால் ஆள்காட்டி விரலின் முதல் கோடு வரை என்று வரையறை செய்தார்கள். அதோடு விடவில்லை. பிறகு வேறு ஆட்கள் போய், சில வீடுகளில் அம்மாவையே கலக்கச் சொல்லி, அந்தக் கரைசலைச் சோதித்தார்கள். அம்மா சரியாகச் செய்திருந்தால்தான் சொல்லிக்கொடுத்தவளுக்கு முழுக் கூலி! எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருக்கிறது. சமையல் புத்தகம் எழுதுகிறவர்களுக்கும் இப்படி ஒரு சட்டம் வந்தால் தேவலை.

அதே சோதனையை நானும் செய்தேன். திருத்திய சீட்டைப் பக்கத்து வீட்டு மீன்காரப் பெண்ணிடம் கொடுத்து, என் சமையலறையிலேயே கலக்கச் சொன்னேன். வாயைத் திறக்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாம் விளக்கிவிட்டால் சோதனை கெட்டுவிடும். அவள் தண்ணீரை அளந்து பாட்டிலில் ஊற்றிவிட்டு ஸ்பூனைக் கையில் எடுத்தவள் நின்றாள்.

"இன்னாக்கா, 'தலை தட்டி'ன்னா ஸ்பூனைத் தட்டணுமா?"

ஸ்பூனைத் தட்டினால் உப்பு அமுங்கி இன்னும் கூடும்! ஆக, 'குவிக்காமல், கத்தி முதுகால் வழித்து' என்று மாற்றினேன். எனக்கு எத்தனை முறை படித்தாலும் அது கண்ணில் பட்டிருக்காது. அவள் கலந்து முடித்ததை இருவரும் ருசி பார்த்தோம். கண்ணீரை விடக் கரிக்கக்கூடாது என்பது கணக்கு. கரித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும்.

கடைசியில் ஜெராக்ஸுக்குப் போன சீட்டு இது:

"1 லிட்டர் தண்ணீரை முதலில் கொதிக்க வைத்து, மூடி ஆற வைக்கவும். ஆறிய தண்ணீரை 1 லிட்டர் பாட்டிலால் அளந்து சுத்தமான பாத்திரத்தில் ஊற்றவும். பெரிய ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றை முழுவதும் போட்டுக் கரைக்கவும். பாக்கெட் கிடைக்காவிட்டால் மட்டும்: தூள் உப்பு அரை டீஸ்பூன், சர்க்கரை (சீனி) ஆறு டீஸ்பூன், குவிக்காமல் கத்தி முதுகால் வழித்து அளந்து கரைக்கவும். கரைத்த பிறகு கொதிக்க வைக்கக்கூடாது. ஒவ்வொரு முறை பேதியானதும் 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி, ஸ்பூனாலோ கொஞ்சம் கொஞ்சமாக டம்ளராலோ கொடுக்கவும். வாந்தி எடுத்தால் 10 நிமிஷம் பொறுத்து மறுபடி மெதுவாகக் கொடுக்கவும். தாய்ப்பாலையும் வழக்கமான சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம். 24 மணி நேரம் ஆனால் மிச்சத்தைக் கொட்டிவிடவும். மலத்தில் இரத்தம், கண் குழிவிழுதல், குடிக்க முடியாமை, துவண்டு கிடத்தல், ஓயாத வாந்தி, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவும்."

'பாக்கெட் கிடைக்காவிட்டால் மட்டும்' என்ற சொற்களை நானே சேர்த்தேன். பாக்கெட்டில் பொட்டாசியம் இருக்கிறது, வீட்டு உப்பு சர்க்கரையில் அது இல்லை. பழைய சீட்டில் இரண்டும் சமம் போலத் தொனித்தது. டாக்டர் துத்தநாக மாத்திரை கொடுத்திருந்தால், பேதி நின்ற பிறகும் 14 நாள் முடியும்வரை கொடுக்க வேண்டும் என்பதைச் சீட்டின் பின்பக்கம் எழுதினோம். முன்பக்கத்தில் இடமில்லை.

சீட்டின் அடியில் தேதி போடச் சொன்னேன். பழைய சீட்டுகளைக் காலண்டர் ஆணியிலிருந்து கழற்றிக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் புதிதைக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லியனுப்பினேன். முப்பத்தேழு வீட்டில் பழையது மாட்டியிருந்ததாம். வேறெங்கோ முன்பே அடித்துக் கொடுத்தது. அதிலும் டம்ளர்தான்.