இப்போ ஒரு லட்சமா, 3 வருஷம் கழித்து ரூ.1.10 லட்சமா... எது லாபம்?

பூர்வீக மனையை விற்ற பணத்தில் தம்பியின் பங்கு ஒரு லட்சம் ரூபாய். "இப்பவே வாங்கிக்கிறியா? இல்லேன்னா மூணு வருஷம் பொறு, 1,10,000-ஆ தர்றேன்" என்கிறார் அண்ணன். பத்தாயிரம் கூடக் கிடைக்குதே, காத்திருக்கலாமா?

பதில் தம்பியின் சேமிப்புக் கணக்கில் இருக்கிறது. அதற்கு ஆண்டுக்கு 4% வட்டி, வருடம் ஒருமுறை சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

முன்னே போனால் பெருக்கல்

கணக்கில் போடும் ரூ.10,000, ஓராண்டில் 10,400 ஆகும். அடுத்த ஆண்டு அந்த 400-க்கும் வட்டி சேர்வதால் 10,816. மூன்றாம் ஆண்டு முடிவில் ரூ.11,248.64. ஒவ்வொரு வருடமும் நடப்பது ஒன்றுதான்: 1.04-ஆல் பெருக்குகிறோம். இதுதான் கூட்டு வட்டி, அதாவது காம்பவுண்டிங்.

பின்னே வந்தால் வகுத்தல்

அதே பாதையில் திரும்பி வருவதுதான் டிஸ்கவுண்டிங். கடையில் தரும் தள்ளுபடி அல்ல இது. எதிர்காலத்தில் வரும் பணத்துக்கு இன்றைக்கு என்ன மதிப்பு என்று பார்ப்பது. 11,248.64-ஐ மூன்று முறை 1.04-ஆல் வகுத்தால் சரியாக 10,000 வந்து நிற்கும்.

பலர் தவறுவது இங்கேதான். 4% கூட்டினோம், அதனால் திரும்பி வர 4% கழித்தால் போதும் என்று நினைக்கிறார்கள். 10,400-இல் 4% என்பது 416. கழித்தால் 9,984-தான் வரும், 16 ரூபாய் உதைக்கும். ஏறும்போது 10,000-க்கு 4% கணக்கிட்டோம். இறங்கும்போது 10,400-க்குக் கணக்கிட்டுவிட்டோம். கழிக்காமல் வகுத்தால் இந்தச் சிக்கல் இல்லை. வந்த விடையை மறுபடி பெருக்கிப் பார்த்தால் சரியா, தப்பா என்று தெரிந்துவிடும்.

தம்பி என்ன செய்யலாம்?

அண்ணன் சொல்லும் 1,10,000-ஐ மூன்று முறை 1.04-ஆல் வகுத்தால், இன்றைய மதிப்பு சுமார் ரூ.97,790. கையில் கிடைக்கும் ஒரு லட்சத்தைவிடக் குறைவு. முன்னோக்கிப் பார்த்தாலும் அதே தீர்ப்புதான்: இன்று வாங்கிக் கணக்கில் போட்டால் மூன்று ஆண்டில் சுமார் ரூ.1,12,486 ஆகிவிடும். எனவே, இப்பவே வாங்குவதுதான் லாபம்.

ஆனால், வட்டி 3% என்றால் கதை மாறிவிடும். 1,10,000-இன் இன்றைய மதிப்பு சுமார் ரூ.1,00,666. அப்போது காத்திருப்பது கொஞ்சம் லாபம், அண்ணன் சொன்ன தேதியில் தந்தால்!

சேமிப்புக் கணக்கு வட்டி வங்கிக்கு வங்கி வேறுபடும், இடையில் மாறவும் செய்யும். பல வங்கிகள் காலாண்டுக்கு ஒருமுறை வட்டியைச் சேர்க்கின்றன. அப்போது 4% என்பது வருடத்துக்கு 1.0406 மடங்காகும். பெருக்குவதும் அதே எண்ணால்தான், வகுப்பதும் அதே எண்ணால்தான்.