57 பேரும் சேர்ந்து கிளம்பியிருக்க வேண்டிய நாள்

ஜப்பானில் பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. தொடக்கப் பள்ளியில் 6 ஆண்டு, நடுநிலைப் பள்ளியில் 3, மேல்நிலைப் பள்ளியில் 3 என்று கணக்கு. ஆகவே ஒரு பிள்ளை பதினெட்டு வயதுக்குள் மூன்று முறை பள்ளியிடம் முறைப்படி விடைபெற்றுக்கொள்கிறது. அந்த விழாவுக்கு ஒத்திகை உண்டு. எப்போது எழுவது, எவ்வளவு குனிந்து வணங்குவது, சான்றிதழ் வாங்க எந்தக் கையை முதலில் நீட்டுவது என்பது வரை சொல்லித் தருவார்கள். ஒவ்வொரு பெயராக வாசிக்கப்படும்போது, அந்தப் பெயருக்குரியவர் எழுந்து "ஹை" என்று அரங்கம் முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுக்க வேண்டும். மூன்று வருடம் வகுப்பில் வாயே திறக்காத பையனின் குரலை அன்றைக்குத்தான் பலர் முதல்முறையாகக் கேட்பார்கள்.

சான்றிதழ் வழங்கி, பெரியவர்கள் பேசி முடித்ததும், கீழ் வகுப்பு மாணவர் ஒருவர் வந்து மூத்தவர்களை வழியனுப்பிப் பேசுவார். அதற்குப் பதிலாக, விடைபெறுகிறவர்கள் சார்பில் ஒரே ஒருவர் எழுந்து பேசுவார். இந்தப் பதிலுரைக்குத் தோஜி என்று பெயர். முதல் மதிப்பெண் வாங்கியவர்தான் பேச வேண்டும் என்று கட்டாயமில்லை. மாணவர் மன்றத் தலைவராக இருந்தவரோ, ஆசிரியர்கள் பொறுக்கிய ஒருவரோ பேசலாம்.

இதை மனப்பாடமாக ஒப்பிப்பதும் இல்லை, மைக்கைப் பிடித்துக்கொண்டு தோன்றியதைப் பேசுவதும் இல்லை. விசிறி மடிப்பாக மடித்த தடித்த கைத்தாளில், மரபுப்படி தூரிகையால் எழுதி, மேலுறையில் 'தோஜி' என்று பொறித்து எடுத்து வருகிறார்கள். இப்போது அச்சிட்டு ஒட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. பேசுகிறவர் மேடைக்குப் போய், வணங்கி, உறையைக் கழற்றி, தாளை மடிப்பு மடிப்பாக விரித்துக்கொண்டே வாசிப்பார். பல பள்ளிகளில் அவர் தலைமையாசிரியரைப் பார்த்தபடி நின்றுதான் வாசிக்க வேண்டும். பின்னால் உட்கார்ந்திருக்கும் நண்பர்களுக்கும் பெற்றோருக்கும் தெரிவது அவருடைய முதுகு மட்டுமே. குரல் கம்மினால் அழுகிறார் என்று ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். வாசித்து முடித்ததும் தாளை மறுபடி மடித்து, உறையில் போட்டுத் தலைமையாசிரியரிடமே ஒப்படைத்துவிட்டு இறங்குவார்.

உரையின் உள்ளடக்கத்துக்கும் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. முதல் வரி பருவத்தைப் பற்றியது: குளிர் தளர்ந்துவிட்டது, மொட்டு பருத்திருக்கிறது, வெயில் இதமாகிவிட்டது என்கிற மாதிரி. அடுத்து, விழா நடத்தித் தந்தவர்களுக்கு நன்றி. பிறகு சேர்ந்த நாள் ஞாபகம், ஆண்டுவாரியாக நினைவுகள், கீழ் வகுப்பினருக்கு ஒரு வார்த்தை, ஆசிரியர், ஊரார், பெற்றோர், கடைசியில் தேதியும் பெயரும். நிமிடத்துக்குச் சுமார் 300 எழுத்து என்பது ஜப்பானிய மொழியில் நிதானமாக வாசிக்கும் வேகம். பள்ளிக் கட்டுரைத்தாளில் பக்கத்துக்கு 400 கட்டம். ஐந்து நிமிட உரைக்கு நான்கு பக்கம் போதும். பொறுப்பாசிரியர் சிவப்பு மையால் திருத்தித் திருத்திக் கொடுக்க, வரைவு பல முறை மாறும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் நடுவில்தான். விளையாட்டு விழா, கலாசார விழா, சுற்றுலா என்று நிகழ்ச்சிகளை அடுக்கிக்கொண்டே போனால், ஆண்டறிக்கை வாசித்த மாதிரி இருக்கும். தன் கூட்டாளிகள் நான்கு பேருக்கு மட்டும் புரிகிற வேடிக்கையைச் சொன்னால் மற்றவர்கள் முழிப்பார்கள். எந்தப் பள்ளிக்கும் பொருந்துகிற வாக்கியங்கள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தாலே உரையின் தரம் தெரிந்துவிடும்.

நன்றாக எழுதுகிறவர்கள் சின்ன விஷயங்களைப் பிடித்துக்கொள்கிறார்கள். அதற்கு ஜப்பானியப் பள்ளியில் பஞ்சமில்லை. வாசலில் வெளிச்செருப்பைக் கழற்றிப் பெயர் ஒட்டிய மாடத்தில் வைத்துவிட்டு, உள்ளே போட்டுக்கொள்ளும் வெள்ளைக் காலணிக்கு மாற வேண்டும். வகுப்பறை, தாழ்வாரம், கழிப்பறை எல்லாவற்றையும் மாணவர்களே முறை வைத்துக் கூட்டித் துடைக்க வேண்டும். பல பள்ளிகளில் மதியச் சாப்பாட்டையும் வெள்ளை மேலங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு அவர்களே பரிமாறுகிறார்கள். சண்டை போட்டுக்கொண்ட இருவர் ஒரே தாழ்வாரத்தைத் துடைக்க நேர்ந்ததில் சமாதானம் ஆனதெல்லாம் உண்டு.

பயமும் பொதுச்சொத்துதான். நடுநிலைப் பள்ளிக்கு வெவ்வேறு தொடக்கப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வந்து சேர்வதால் முதல் நாள் பாதி முகங்கள் புதுசு. வளர்கிற பிள்ளை என்று பெரிய அளவில் வாங்கிய சீருடையில் விரல் நுனி மட்டும் வெளியே தெரியும். நமக்கும் தெரிந்த கதை. மூன்றாம் வருடக் கடைசியில் அதே சட்டையில் மணிக்கட்டு வெளியே வந்திருக்கும். அதற்குள் மேல்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு குறுக்கே வந்து, கூடவே இருந்தவர்களை வெவ்வேறு பள்ளிகளுக்குப் பிரித்துவிடும். விழா முடிந்ததும் பையன்களிடம் சட்டையின் இரண்டாவது பொத்தானைக் கேட்டு வாங்குகிற வழக்கமும் இருக்கிறது. அது நெஞ்சுக்குப் பக்கத்தில் இருப்பதாம். பிளஸ் டூ கடைசி நாளில் நம் பையன்கள் சட்டையில் இங்க் தெளித்துக்கொள்வார்களே, அந்த வகை. பொத்தான் விஷயத்தைத் தோஜியில் யாரும் எழுத மாட்டார்கள். பொறுப்பாசிரியரின் சிவப்பு மை எதற்கு இருக்கிறது?

இவ்வளவு இறுக்கமான ஒரு சட்டத்துக்குள் உண்மையான பேச்சு வருமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு 2011-ல் நடந்த ஒன்றைச் சொல்லலாம்.

மியாகி மாகாணத்தில் கெசென்னுமா என்று ஒரு மீன்பிடித் துறைமுக நகரம். அங்கே ஹாஷிகாமி நடுநிலைப் பள்ளியின் விடைபெறு விழா மார்ச் 12, சனிக்கிழமை என்று குறித்திருந்தார்கள். முந்தைய நாளே நினைவு ஆல்பத்தைக் கொடுத்துவிட்டார்கள். அன்று பிற்பகல் 2 மணி 46 நிமிடத்துக்கு நிலம் ஆடியது. ரிக்டர் என்று நாம் பேச்சுவழக்கில் சொல்கிற கணக்கில் 9. பின்னாலேயே கடல் வந்தது. நகரத்தின் பல பகுதிகள் வெள்ளத்திலும் நெருப்பிலும் அழிந்தன. பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம் வீடிழந்தவர்களின் முகாமாயிற்று. தள்ளிப்போன விழா, மார்ச் 22 அன்று, அந்தக் கூடத்திலேயே, அங்கே தங்கியிருந்தவர்கள் பார்த்திருக்க நடந்தது. மாணவர்கள் சார்பில் ஒரு பையன் எழுந்து தோஜி வாசித்தான்.

உரையில் சட்டத்தின் பெரும்பாலான பகுதிகளை அவன் விடவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. பேரிடரின் காயம் ஆறாத நேரத்திலும் விழா நடத்தியதற்கு நன்றி சொல்லித் தொடங்குகிறான். அடுத்தது பருவம். பத்து நாளுக்கு முன், மார்ச் 12, வசந்தத்தை நினைவூட்டும் கதகதப்பான நாளாக இருந்தது என்கிறான். அந்த வெயிலில், பழகிய இந்தப் பள்ளியிலிருந்து தாங்கள் 57 பேரும் சேர்ந்து கிளம்பியிருக்க வேண்டும் என்கிறான். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பள்ளிகளில் சடங்காகச் சொல்லப்படுகிற பருவ வரி அது. இங்கே, நடக்காமல் போன ஒரு காலைப் பொழுதின் வானிலையை அது சொல்கிறது. 'சேர்ந்து' என்பதற்கு மேல் இழப்பைப் பற்றி அந்த இடத்தில் விளக்கம் எதுவும் இல்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குத் தேவையும் இருந்திருக்காது.

அதற்கு அடுத்தாற்போல் ஆல்பம் வருகிறது. முதல் நாளே கையில் கிடைத்த ஆல்பத்தைப் புரட்டி, மறுநாள் வரப்போகும் விழாவை நினைத்துக்கொண்டிருந்த நண்பர்களும் இருந்திருப்பார்கள் என்கிறான். நட்பைப் பற்றி அவன் தருகிற காட்சி அது ஒன்றுதான். வருடவாரியான பட்டியலுக்குப் பதில் ஒரே ஒரு பொருள்.

பள்ளியின் பெருமையைச் சொல்ல வேண்டிய இடமும் இருக்கிறது. ஹாஷிகாமி பேரிடர்ப் பயிற்சிக்குப் பெயர் வாங்கிய பள்ளி. வேறொரு வருடமாக இருந்தால் அந்த வாக்கியம் நெஞ்சு நிமிர்த்திக்கொண்டு வந்திருக்கும். இந்தப் பையன் பெருமையைச் சொன்ன கையோடு, போதுமான ஒத்திகை இருந்தும் இயற்கையின் முன்னால் மனிதபலம் ஒன்றுமில்லாமல் போயிற்று என்கிறான். விண்ணுலகம் வைத்த சோதனை என்று சொல்வதற்குக்கூட இது மிகக் கொடுமையானது, வேதனையும் ஆற்றாமையும் தாங்க முடியவில்லை என்கிறான். கடிகார முள் 2:46-லேயே நின்றுவிட்டது, ஆனாலும் காலம் ஓடிக்கொண்டிருக்கிறது என்கிறான். பிறகுதான் வானத்தை நோகாமல், விதியைத் தாங்கி, ஒருவருக்கொருவர் உதவி வாழ்வது எங்கள் கடமை என்று வருகிறது. இந்த வரிதான் நாடெங்கும் பேசப்பட்டது. அதை மட்டும் பிய்த்தெடுத்தால், பதினைந்து வயதுப் பிள்ளை பெரியவர்களுக்குப் பிடித்த மாதிரி பொறுமை பேசியதாகத் தோன்றும். முன்னால் அவன் ஒளிக்காமல் சொன்ன கோபத்தோடு சேர்த்துக் கேட்டால் அப்படித் தோன்றாது.

கீழ் வகுப்பினருக்கான வார்த்தையும் வழக்கமான இடத்தில்தான் வருகிறது. இந்தப் பள்ளியில் சர்வசாதாரணமாகத் தோன்றும் நாட்களும் நண்பர்களும் எவ்வளவு அரிது என்று யோசித்து, போற்றிக் கழியுங்கள் என்கிறான். செருப்பு மாடமும் தரை துடைப்பும் பரிமாறலும் எல்லாம் அந்த 'சர்வசாதாரண'த்துக்குள் அடங்கிவிடுகின்றன. அதன் பின் ஆசிரியர்களுக்கும், ஊராருக்கும், கடைசியாகப் பெற்றோருக்கும் நன்றி. ஊராருக்கு நன்றி என்பது மற்ற ஆண்டுகளில் ஒரு சம்பிரதாயம். அன்றைக்கு ஊரே அந்தக் கூடத்தில் குடியிருந்தது.

உரை சில நிமிடங்களில் முடிந்துவிடும். அவன் வார்த்தை வார்த்தையாக நிறுத்தி, அழுகையை விழுங்கிக்கொண்டு வாசிக்கும் காட்சி தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஒளிபரப்பானது. ஜப்பானியக் கல்வி அமைச்சகம், அட்டவணைகளும் வரைபடங்களும் நிறைந்த தன் ஆண்டு வெள்ளை அறிக்கையில் முழு உரையையும் அச்சிட்டது. காட்சியைப் பார்க்கிறவர்கள் கண்ணீரைத்தான் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். அச்சில் படிக்கும்போதுதான், வழக்கமான வரிசையைப் பெரும்பாலும் வைத்துக்கொண்டு அதன் ஒவ்வொரு அறையிலும் அவன் எதை வைத்தான் என்பது தெரிகிறது. விடைபெறு உரை எழுத உட்காரும் மாணவர்களுக்குக் காட்டுவதானால், காணொளியைவிட அந்த அச்சுப் பக்கத்தைக் காட்டுவது உருப்படியான காரியமாக இருக்கும்.