இரவு ரவுண்டில் விட்டுப்போன ஏழாவது பாயின்ட்

பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் லிஃப்ட் பக்கத்திலோ மாடிப்படித் திருப்பத்திலோ சுவரில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வட்ட வில்லை ஒட்டியிருக்கும். இரவு ரவுண்ட்ஸ் வரும் காவலர் தன் செல்போனை அதன்மேல் வைத்தால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். எந்த இடம், எத்தனை மணி, யார் கையிலிருக்கும் போன் என்ற மூன்றும் அந்த நொடியில் பதிவாகிவிடும். வில்லைக்குள் இருப்பது என்.எஃப்.சி. என்னும் சில்லு. அதற்கு பேட்டரி கிடையாது. நெருங்கி வரும் போனிலிருந்தே மின்சக்தியை எடுத்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்லும். செக்யூரிட்டிக்காரர்கள் இதைப் ‘பாயின்ட்’ என்கிறார்கள்.

பாயின்ட் விட்டுப்போனால் பல இடங்களில் முதலில் வருவது ஏச்சு, அடுத்தது சம்பளப் பிடித்தம். இரண்டுமே தவறான தொடக்கம். வராத பதிவு ஒரு கேள்வியை மட்டுமே எழுப்புகிறது. விடையைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

ஒரு கற்பனைக் குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். இரவு 8 மணி முதல் காலை 8 வரை ஷிஃப்ட், இரண்டு மணிக்கு ஒரு ரவுண்ட், மொத்தம் 11 பாயின்ட். அதிகாலை 2 மணி ரவுண்டில் ஆறாவது பாயின்டான கார் பார்க்கிங் 2:11-க்குப் பதிவாகிறது. எட்டாவதான பின்பக்க கேட் 2:19-க்கு வருகிறது. நடுவில் இருக்கும் ஏழாவது, மோட்டார் ரூம், வரவில்லை. அனுமதித்த கூடுதல் நேரமும் தாண்டியதும் சூப்பர்வைசரின் போனில் எச்சரிக்கை வருகிறது.

அவர் உடனே அழைக்க வேண்டும், அதுவும் நலம் விசாரிக்க. “அண்ணே, மோட்டார் ரூம் பாயின்ட் வரலியே, நல்லாத்தானே இருக்கீங்க?” இருட்டில் தனியாகச் சுற்றும் மனிதர் வழுக்கி விழுந்திருக்கலாம், மயங்கியிருக்கலாம். அவர் ஆபத்தில் இருக்கிறார் என்பதற்கு விட்டுப்போன பாயின்ட் ஒன்றே அடையாளமாக இருக்கவும் கூடும். அடுத்த பாயின்டும் வராமல், போனையும் எடுக்காமல் இருந்தால் கேட்டில் இருக்கும் இன்னொருவரைத் தேடிப்போகச் சொல்ல வேண்டும்.

நம் உதாரணத்தில் அவர் போனை எடுக்கிறார். “போயிட்டுத்தான் சார் வந்தேன். போனை வச்சு வச்சுப் பார்த்தேன், சத்தமே வரல.”

இதை நம்பலாமா? பக்கத்துப் பதிவுகளைப் பார்த்தால் ஓரளவு தெரியும். பார்க்கிங்கிலிருந்து மோட்டார் ரூமுக்கு நான்கு நிமிட நடை, அங்கிருந்து பின்பக்க கேட்டுக்கு இன்னொரு நான்கு. பார்க்கிங்கிலிருந்து நேராகக் குறுக்கே போனால் மூன்று நிமிடம் போதும். இங்கே இடைவெளி எட்டு நிமிடம். அவர் சொல்வதோடு ஒத்துப்போகிறது. பின்பக்க கேட் 2:14-க்கே வந்திருந்தால் கதை வேறு. ஆனால் வழியில் நின்று பீடி பிடித்தாலும் எட்டு நிமிடம் ஆகும். அதனால் மற்ற ஷிஃப்ட்களையும் பார்க்க வேண்டும். பகல் ஆளுக்கும் மாற்று ஆளுக்கும் அதே பாயின்ட் நேற்றிலிருந்து வரவில்லை என்றால் கோளாறு வில்லையில்தான். போய்ப் பார்த்தால், பெயின்ட் அடித்தவர்கள் சுவரிலிருந்து பெயர்த்து இரும்புக் கதவில் ஒட்டியிருப்பார்கள். சாதாரண வில்லையை உலோகத்தின்மேல் ஒட்டினால் போன் பெரும்பாலும் படிக்காது. உலோகத்துக்கென்றே தனி வகை வில்லை இருக்கிறது.

அடித்தளத்தில் சிக்னல் இல்லாததும் வீண் எச்சரிக்கையைத் தரும். பதிவு போனிலேயே தங்கி, மேலே வந்த பிறகே போய்ச் சேரும். ஸ்கேன் ஆன நேரம், சர்வருக்கு வந்த நேரம் இரண்டையும் தனித்தனியே காட்டும் செயலி என்றால் இந்தக் குழப்பம் வராது.

பாயின்ட் விட்டுப்போகாமலே ரவுண்ட் விட்டுப்போவதும் உண்டு. வில்லைக்குப் பதில் கியூஆர் கோடு ஒட்டிய இடங்களில் அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு நாற்காலியிலிருந்தே ஸ்கேன் செய்துவிடலாம். 11 பாயின்டும் இரண்டே நிமிடத்தில் வந்திருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. எல்லாம் பச்சையாக இருக்கும் அறிக்கையில் இடைவெளிகளைப் பார்க்காதவர் இதைக் கண்டுபிடிக்க முடியாது. விட்டதற்கெல்லாம் பிடித்தம் செய்கிற இடத்தில் இந்த ஏமாற்று சீக்கிரம் வந்து சேரும் என்பது என் எண்ணம். கேட்டில் ஆம்புலன்ஸ் நிற்கும்போது ரவுண்டைப் பாதியில் விட்டு ஓடி வந்தவருக்கும் பணம் போகுமென்றால் அவர் வேறு என்ன செய்வார்?

மோட்டார் ரூமுக்கு வருவோம். காவலர் திரும்பப் போய் பூட்டு, பம்ப், கசிவு பார்க்கிறார். ஸ்கேன் வேலை செய்யாததால் கதவைப் படம் எடுத்து அனுப்புகிறார். சூப்பர்வைசர் அதை 2:40-க்குப் பார்த்ததாகவே எழுதுகிறார். விட்டுப்போன 2 மணிக் கட்டத்தை நிரப்புவதில்லை. அன்றிரவு ஏதாவது திருட்டு நடந்திருந்தால், எந்த நேரம்வரை அந்த இடம் பார்க்கப்படாமல் இருந்தது என்பதைச் சொல்ல அந்தக் காலிக் கட்டம்தான் உதவும். காரணம் என்ற இடத்தில் ‘வில்லை பழுது’ என்று எழுதினாலும் குறிப்பை அவர் மூடுவதில்லை. புது வில்லை ஒட்டி, அடுத்த ரவுண்டில் ஏழாவது பாயின்ட் பதிவான பிறகுதான் மூடுகிறார்.