அத்தை கண்டுபிடித்த நஷ்டம்

"ஏம்மா, கடைக் காசுல பாலுக்குக் கொடுக்கணும். நம்ம வீட்டுல பால் காசுலதான் கடை நடக்குது!"

அத்தை இப்படிச் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. தாண்டிக்குடியில் காப்பிக் கொட்டை வாங்கி, வறுத்து அரைத்து, வத்தலக்குண்டுக் கடைகளுக்குப் போட்டு வந்தேன். வறுக்கும் இயந்திரம் வங்கிக் கடனில் வந்தது. மாதம் 60 கிலோ விற்பனை. பிறகு பணம் எங்கே போகிறது?

அன்றிரவு நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். 2024-இல் பிரேசிலில் மழை பொய்த்ததும் காப்பி விலை உலகெங்கும் ஏறியதல்லவா? நான் வாங்கும் கொட்டையும் 400-லிருந்து 600 ரூபாயானது. அதோடு கேஸ், கவர், பஸ் செலவு 70 சேர்த்து 670. கடைக்கு 780-க்குக் கொடுக்கிறேன், 110 லாபம் என்பது என் மனக்கணக்கு.

தப்பு! கொட்டை வறுபடும்போது எடை குறையும். கறுக்க வறுத்தால் இன்னும் குறையும். என் பக்குவத்தில் 12 கிலோ போட்டால் 10 கிலோதான் கிடைக்கும். ஆக ஒரு கிலோ தூளுக்குக் கொட்டை விலையே 720, செலவோடு 790. கிலோவுக்கு 10 ரூபாய் நஷ்டம், என் உழைப்பைச் சேர்க்காமலே! இந்த நிலையில் அதிகம் விற்றால் அதிகம் நஷ்டம். கொட்டைக்கு ரொக்கம், கடைக்காரர்களுக்கோ ஒரு மாதக் கடன். வசூலான பணத்தில் பழைய அளவு கொட்டை வாங்க முடியவில்லை. விலையை 850 ஆக்கலாமா என்றால் கடைக்காரர்கள் மறுத்தார்கள்.

மூடிவிடுவதா? "இயந்திரத்துக்குப் போட்ட பணம் வீணாகுமே" என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் போட்ட பணம் போட்டதுதான். இனிமேல் இந்த இயந்திரம் என்ன சம்பாதிக்கும் என்பதே கேள்வி. மலைவாழையில் முடிக்கொத்து நோய் கண்டால் அந்தக் குத்தைத் தோண்டி எறிவார்கள், அசுவினி மற்ற வாழைக்கும் பரப்பாமலிருக்க. நானும் கடை வியாபாரத்தை மட்டும் வெட்டினேன்.

தோட்டக்காரர்கள் கொண்டுவரும் கொட்டையைக் கூலிக்கு வறுத்து அரைக்க ஆரம்பித்தேன். கிலோவுக்கு 80 ரூபாய் கூலி. கேஸ், கரண்ட் 30 போக 50 நிற்கும். கடன் தவணை 2,500. ஆக மாதம் 50 கிலோ வந்தாக வேண்டும். மூன்று மாதத்தில் அந்த அளவு வராவிட்டால் இயந்திரத்தை விற்றுக் கடனை அடைப்பது என்று அவரும் நானும் காலண்டரில் தேதி குறித்தோம்.

டிசம்பரில் 28 கிலோ. ஜனவரியில் 41. பிப்ரவரியில் 56! தவணை போக 300 ரூபாய் மிஞ்சியது. அத்தை அதில் பால் பாக்கியைக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஆனாலும் சகோதரிகளே, இது அறுவடைக் காலத்துக் கூட்டம். மழைக் காலத்தில் தொடர்ந்து இரண்டு மாதம் 50 கிலோ வராவிட்டால், இயந்திரத்தை விற்றுவிடுவேன். அந்தத் தேதியும் காலண்டரில் இருக்கிறது.