படுக்கையருகே ஐந்து நிமிடங்கள்

சீகிரியாக் குன்றின் உயரம் ஏறத்தாழ 200 மீற்றர். உச்சியை அடைய ஏறத்தாழ 1200 படிகள் ஏறல் வேண்டும். உல்லாசப் பிரயாணி ஒருவர் இடையில் மூச்சு வாங்க நின்றால் அது வியப்பன்று. ஆனால், நாள்தோறும் அப்படிகளில் ஏறி வேலை செய்து பழகிய தொழிலாளி ஒருவர், சிங்கப் பாதங்கள் அமைந்த மேடையை எட்டுமுன்னரே மூன்று முறை உட்கார நேருமாயின், அது வைத்தியர் செவிகொடுக்க வேண்டிய செய்தியாகும்.

இத்தகைய ஒருவர் தம்புள்ளை வைத்தியசாலைக்குச் சென்று, அங்கிருந்து கண்டித் தேசிய வைத்தியசாலைக்கு அனுப்பப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பேராதனைப் பல்கலைக்கழக வைத்திய மாணவர் பயிலும் இடம் அது. காலையில் சத்திரசிகிச்சை நிபுணர் வாட்டைச் சுற்றி வரும்போது, மாணவர் ஒருவர் இந்நோயாளரைப் பற்றி ஐந்து நிமிடத்தில் எடுத்துரைத்தல் வேண்டும். இவர் கற்பித்தலின் பொருட்டு நாம் அமைத்துக்கொண்ட நோயாளரே. எவரேனும் ஒருவரின் கதையன்று. மாணவரின் தொடக்க வாக்கியங்கள் இவ்வாறு அமையலாம்:

“இவர் 58 வயதினர், சீகிரியாவில் படிகளைப் பராமரிக்கும் தொழிலாளி. மூன்று மாதங்களாகக் களைப்பும் படியேறும்போது மூச்சு வாங்கலும் இருந்தன. இரும்புச்சத்துக் குறைவினால் உண்டான சோகைக்குக் காரணம் தேடியபோது, நேற்று ஏறு பெருங்குடலில் கட்டி ஒன்று காணப்பட்டது. குடல் அடைப்போ, கண்ணுக்குத் தெரியும் குருதிப்போக்கோ இல்லை. இழையத் துணுக்கின் முடிவையும் சி.ரி. ஸ்கான் படத்தையும் எதிர்பார்க்கிறோம்.”

இச்சில வாக்கியங்களிலேயே நிபுணர் அறிய விரும்புவன யாவும் அடங்கிவிட்டன. நோயாளர் யார், கட்டி எங்கே, எவ்வாறு கண்டறியப்பட்டது, இன்றே கத்தி எடுக்க வேண்டிய அவசரம் உண்டா, எது இன்னும் வரவேண்டியுள்ளது என்பன அவை. குடல் அடைபட்டு வயிறு ஊதி வாந்தி எடுப்பவராயின் அச்செய்தியே முதலில் வந்திருக்க வேண்டும். அடைப்பு இல்லை என்பதனாற்றான் மற்றவற்றை நிதானமாக ஆராய இடமுண்டு.

அடுத்து வருவது வரலாறு. பெருங்குடலின் வலப்பகுதி அகன்றது. அங்கே மலம் நீர்த்தன்மையுடன் இருக்கும். ஆதலால் அங்கு வளரும் கட்டி வழியை எளிதில் அடைப்பதில்லை. அது மாதக்கணக்காகச் சிறிது சிறிதாகக் குருதியைக் கசிய விடும். அக்குருதி மலத்துடன் கலந்து கண்ணுக்குப் புலனாகாமலே போகும். இடப்பகுதியோ ஒடுங்கியது, அங்கே மலம் இறுகியிருக்கும். ஆகவே இடப்பக்கக் கட்டி மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு, வெளிப்படையான குருதி என்பவற்றால் தன்னைக் காட்டிக்கொள்ளும். எனவே, “மலப்போக்கில் மாற்றமில்லை” என்று நம் தொழிலாளி கூறியது வலப்பக்கக் கட்டிக்கு மாறான சான்று ஆகாது.

இவ்விடத்தில் மாணவர் தடுமாறும் கண்ணி ஒன்றுண்டு. மலம் கறுத்துப் போவதாக நோயாளர் சொன்னால், உட்குருதிப்போக்கு என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால், சோகைக்காகக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும். “மாத்திரை தொடங்குவதற்கு முன்பே கறுப்பாக இருந்ததா?” என்று கேட்பவரே வரலாறு கேட்கத் தெரிந்தவர். அதனோடு உடல் எடை குறைந்ததா, பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ குடற்புற்று இருந்ததா, இருந்தால் எந்த வயதில் என்பனவும் கேட்கப்படல் வேண்டும்.

வலப்பக்கக் கட்டி எவ்வளவு மௌனமாக வளரும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 1985 ஜூலையில் அமெரிக்க ஜனாதிபதி ரொனால்ட் ரேகன், முன்னர் கண்ட சிறு முளையொன்றை அகற்றுவதற்காகவே வைத்தியசாலைக்குச் சென்றார். அங்கே குடல் முழுவதையும் நோக்கியபோது, வலப்பக்கத்தில் பெரியதொரு கட்டி காணப்பட்டது. மறுநாளே சத்திரசிகிச்சை நடந்தது. அது புற்று எனப் பின்னர் உறுதியாயிற்று. நிணநீர்க் கணுக்களுக்குப் பரவாதிருந்தமையால் அவர் பின்னும் 19 ஆண்டுகள் வாழ்ந்து 93ஆம் வயதில் காலமானார்.

நம் நோயாளரின் உடற்பரிசோதனையில் மாணவர் கூறவேண்டியவை சிலவே. கண்ணிமையின் உட்புறம் வெளிறியுள்ளது. வயிற்றின் வலப்பக்கக் கீழ்ப்பகுதியில் ஏறத்தாழ ஐந்து சென்ரிமீற்றர் அளவான, கடினமான, நோவற்ற கட்டி கைக்குத் தட்டுப்படுகிறது, அது அசைகிறது. ஈரல் வீங்கவில்லை. இடக் கழுத்தின் அடியில் கணுக்கள் இல்லை. குதவழியே விரலிட்டுப் பார்த்ததில் யாதுமில்லை. கடைசியாகச் சொன்ன பரிசோதனையை நாணத்தினால் விட்டுவிடும் மாணவர் பலர். ஆனால் நிபுணர் முதலில் கேட்பது பெரும்பாலும் அதையே. ஈமோகுளோபின் ஆணுக்கு 13 கிராமளவில் இருக்கவேண்டிய இடத்தில் இவருக்கு 7.8. மாதவிடாய் இழப்பு இல்லாத ஓர் ஆணிடம் இரும்புச்சத்து இவ்வாறு குறைந்தால், குடலை ஆராயாமல் மாத்திரை மட்டும் கொடுத்தனுப்புதல் பிழை.

இனி, நோயின் பெயரைச் சொல்லும் கட்டம். “இவருக்குப் புற்றுநோய்” என்று மாணவர் முடித்துவிடல் ஆகாது. “கட்டி, புற்று என ஐயுறுகிறோம்” என்பதே இன்றைய நிலை. நமது நாடுகளில் இதே இடத்தில் காசநோயும், அமீபாக் கிருமியால் விளையும் திரட்சியும், குடல்வாலழற்சியைச் சுற்றிய திரளும் கட்டிபோலத் தோன்றக்கூடும். அவற்றிற்குரிய சிகிச்சை முற்றிலும் வேறு. மறுபுறத்தே, துணுக்கில் புற்றுக் கலம் இல்லை என்று முடிவு வந்தாலும் ஐயம் தீர்ந்துவிடாது. கட்டியின் மேற்பரப்பிலிருந்து மட்டும் துணுக்கு எடுக்கப்பட்டிருக்கலாம். அப்போது மீண்டும் எடுத்துப் பார்த்தல் வேண்டும். உட்காட்டி குடலின் எஞ்சிய பகுதி முழுவதையும் கண்டதா என்பதும் சொல்லப்பட வேண்டும். நூற்றில் ஒருசிலரிடம் இரண்டாவது கட்டியும் ஒரே காலத்தில் இருப்பதுண்டு.

அடுத்து என்ன செய்வது? நெஞ்சு, வயிறு, இடுப்பு ஆகியவற்றின் சி.ரி. ஸ்கான் மூலம் ஈரலுக்கோ நுரையீரலுக்கோ பரவியுள்ளதா எனக் காணல், சிரைவழி இரும்புச்சத்தோ, தேவையாயின் குருதியோ ஏற்றிச் சோகையைத் திருத்தல், சீ.ஈ.ஏ. என்னும் குருதிப் பரிசோதனையைச் செய்து வைத்தல். இப்பரிசோதனை புற்றைக் கண்டுபிடிப்பதற்கன்று. சிகிச்சைக்குப் பின் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான அடிக்கோடு. நோய் பரவாதிருந்து புற்றென உறுதியானால், வலப் பெருங்குடலை அதன் நிணநீர்க் கணுக்களுடன் அகற்றுவர். அக்கணுக்களில் குறைந்தது 12ஐயேனும் நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்த பின்னரே நோயின் படிநிலை சரிவர வகுக்கப்படும்.

இத்தனையும் கூறப்படுவது நோயாளர் படுத்திருக்கும் கட்டிலின் அருகே என்பதை நினைவிற்கொள்க. மாணவர் பேசுவது ஆங்கிலம். கேட்டுக்கொண்டிருப்பவரின் மொழி தமிழோ சிங்களமோ. எனினும் ‘கான்சர்’ என்ற ஒரு சொல் மட்டும் எம்மொழியினருக்கும் விளங்கிவிடும். நேற்று மயக்க மருந்தின் தாக்கம் தெளியுமுன் ஏதோ சொல்லப்பட்டிருக்கலாம்; ஒன்றுமே சொல்லப்படாமலும் இருக்கலாம். ஆகவே, சுற்று தொடங்குமுன் மாணவர் ஒருமுறை தனியே சென்று, “ஐயா, நேற்றைய பரிசோதனையைப் பற்றி உங்களுக்கு என்ன சொன்னார்கள்?” என்று கேட்டறிதல் நன்று. கிடைக்கும் மறுமொழியை நிபுணரிடம் வாட்டு வாயிலிலேயே தெரிவித்துவிட வேண்டும். “அவருக்குச் சொல்லாதீர்கள்” என்று மகன் வேண்டியிருந்தால் அதனையும் அங்கேயே சொல்லல் வேண்டும். எதை, யார், எப்போது, எந்த மொழியில் நோயாளருக்குக் கூறுவது என்பதை முடிவு செய்த பின்னரே கட்டிலை நெருங்குதல் முறையாகும்.