மழைக்கு முன் ஒரு தாழ்ப்பாள்

நாகப்பட்டினத்தில் கடலுக்குப் பக்கத்துத் தெரு. ஐப்பசி பிறக்கப் பத்து நாள்தான். மர ஜன்னலின் இரும்புத் தாழ்ப்பாள் துருவேறி நகரவே இல்லை. ஆறாம் வகுப்பு மகள் திருப்புளியோடு நிற்கிறாள், அப்பா ஸ்டூல்மேல்.

முதல் திருகாணியை அவர் பலங்கொண்டு திருக, தலையிலிருந்த கீறல் மழுங்கிவிட்டது. "அவசரப்பட்டுட்டேன்மா" என்றார். மற்ற மூன்றுக்கும் மண்ணெண்ணெய் சொட்டுவிட்டு அரைமணி நேரம் காத்திருந்தார்கள். திருப்புளியைத் தலையில் பொருத்தி, அதன் பிடியில் சுத்தியலால் மெல்லத் தட்டியதும் துரு விட்டது. மூன்றும் சுலபமாகக் கழன்றன. மழுங்கியதைக் குறட்டால் பிடித்துத் திருகி எடுத்தார்.

பழைய துளைகள் பெருத்துப் போயிருந்தன. அப்படியே மாட்டினால் முதல் காற்றிலேயே தாழ்ப்பாள் பிடுங்கிக்கொள்ளும். மகள் மருந்து நீக்கிய தீக்குச்சிகளை மரப்பசையில் தோய்த்துத் துளைகளை அடைத்தாள். ஒரு நாள் காயவிட்டார்கள்.

"வீட்லயே இரும்புத் திருகாணி இருக்கேப்பா?"

"இது பித்தளைத் தாழ்ப்பாள்மா. உப்புக் காத்துல பித்தளையை ஒட்டுன இரும்பு இன்னும் சீக்கிரம் அரிச்சிடும். பித்தளைத் திருகாணிதான் சரி."

மழை ஈரத்தில் மரம் ஊதும் என்பதால், தாழ் நுழையும் துளையை ஒரு நூல் அகலப்படுத்தினார். நல்ல தச்சர்கள் மறக்காத வேலை இது.

உங்கள் வீட்டுத் தாழ்ப்பாள்களையும் இன்றே இழுத்துப் பாருங்கள். செந்தூள் உதிர்ந்தால், மழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.